‘எவ்ளோக்கா?’ என்று கேட்டவருக்கு முதல் வரியில் என்ன எழுதுவது

*அக்கா, சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். சாதா 45 வெள்ளி, லைனிங் வைத்தது 70, ஆரி வேலை 180இல் தொடங்கி 400 வரை போகும். பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் தினமும் பத்துப் பேராவது விலை கேட்கிறார்கள். தையலுக்கு நடுவே ஒவ்வொருவருக்கும் எழுத முடியவில்லை. அதனால், ‘வணக்கம்! எங்கள் பக்கத்தைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி. தங்கள் விசாரணை பெறப்பட்டது. விலை டிசைனைப் பொறுத்து மாறுபடும். மேல்விவரங்களுக்குப் படம் அனுப்பவும்’ என்று ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அது தானாகவே போகும். பாதிப் பேர் அதோடு பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். போன வாரம், மூன்று வருஷமாக என்னிடம் தைக்கும் அம்மா ஒருவர், ‘என்னம்மா, என்னைத் தெரியாத மாதிரி பேசறே’ என்று வருத்தப்பட்டார். எழுதி வைத்த பதிலே கூடாதா? வேறு மாதிரி எழுதலாமா?*

*— வாசகி, சுங்கை சிப்புட்*

தங்கச்சி, எழுதி வைத்த பதில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நாள் முழுக்கக் கடைகளின் இன்பாக்ஸில் உட்கார்ந்திருக்கும் நானும் அப்படித்தான் பதில் சொல்கிறேன். ஆனால் எந்தப் பகுதியை எழுதி வைப்பது, எதைக் கையால் எழுதுவது என்பதை நீங்கள் மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள்.

அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வாட்ஸ்அப் பிசினஸில் `Greeting message` என்று ஒன்று இருக்கிறது. முதல் முறை எழுதுகிறவருக்கு மட்டும்தான் அது போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒருவரோடு 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்துவிட்டு, பிறகு அவர் எழுதினாலும் அது போகும். ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையா வருவார்? தீபாவளிக்கு ஒரு தடவை, தைப்பூசத்துக்கு ஒரு தடவை, நடுவில் ஒரு கல்யாணம். அதனால் உங்கள் பழைய ஆட்கள் ஒவ்வொரு முறை வரும்போதும் புது ஆளுக்குப் போகிற பதில்தான் அவர்களுக்கும் போகிறது. `Business tools`, பிறகு `Greeting message`, அதற்குள் `Recipients` என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே `Everyone not in address book` என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய வாடிக்கையாளர் எல்லாரையும் பெயரோடு போனில் சேமித்துவிட்டால், அவர்களுக்கு இனி அது போகாது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

இப்போது அந்தப் பதிலுக்கு வருவோம். கேட்டவர் கேட்டது ஒரே ஒரு சொல், எவ்வளவு என்று. நீங்கள் ஐந்து வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள், அதில் ஓர் எண்கூட இல்லை. மெஷின் பேசுவது போல இருப்பதற்கு முதல் காரணம் அதுதான். ‘தங்கள் விசாரணை பெறப்பட்டது’ என்பது கவுன்டரில் சாப் அடித்துக் கொடுக்கிற பேச்சு. ‘எங்கள் பக்கம்’ என்கிறீர்கள், ஆனால் தைப்பது நீங்கள் ஒருவர்தான். இந்தச் சொற்களை மட்டும் நைசாக மாற்றி, நாலு பூப்படம் போட்டு, விலையை அப்போதும் சொல்லாமல் விட்டால் ஒரு பயனும் இல்லை. விலை முதல் வரியில் இருந்தால், சொற்கள் கொஞ்சம் முரடாக இருந்தாலும் ஆள் நிற்பார்.

அவர் துணியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து ‘எவ்ளோக்கா’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ‘சாதான்னா நாப்பத்தஞ்சு, லைனிங் வச்சா எழுபது. எப்ப வேணும்?’ அவ்வளவுதான் சொல்வீர்கள். அதைத்தான் எழுதி வைக்க வேண்டும். எழுத்தில் கொஞ்சம் நிரப்பினால் இப்படி வரும்:

“சாதா ஜாக்கெட் 45 வெள்ளி, லைனிங் வைத்தால் 70. இது தையல் கூலி, துணி நீங்கள் கொடுக்கணும். லைனிங் துணி நானே போடுவேன். உங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுத்தால் பத்து நாளில் தைத்து வைத்துவிடுவேன். எப்போதைக்கு வேண்டும்?”

லைனிங் துணிக் கணக்கு உங்களிடம் வேறு மாதிரி என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் எது விலைக்குள் அடங்கும், எது அடங்காது என்பதை விடாதீர்கள். பின்னால் வரும் மனத்தாங்கல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன், கவனித்தீர்களா? நீங்கள் ‘படம் அனுப்பவும்’ என்கிறீர்கள். அது கேள்வியில்லை, அவருக்குக் கொடுக்கிற வேலை. விலைகூடத் தெரியாதவர் அந்த வேலையைச் செய்யமாட்டார். ‘எப்போதைக்கு வேண்டும்’ என்றால் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம், ‘அடுத்த மாசம்’ என்று. உங்களுக்கும் அதிலிருந்து இரண்டு விஷயம் தெரிந்துவிடுகிறது. அந்தத் தேதிக்குள் உங்களால் முடியுமா என்பது ஒன்று. தேதி சொல்கிறவர் பெரும்பாலும் தைக்கத்தான் வந்திருக்கிறார் என்பது இன்னொன்று. அளவு, கழுத்து டிசைன், கை நீளம் எல்லாம் அப்புறம் கேட்கலாம். முதல் பதிலிலேயே நாலு கேள்வி கேட்டால் பாரம் நிரப்பச் சொல்வது போல ஆகிவிடும்.

ஆரி வேலைதான் சிக்கல். ‘டிசைனைப் பொறுத்து’ என்று நீங்கள் சொல்வது பொய் இல்லை. ஒரு கழுத்தைச் சுற்றி ஜரிகையில் ஒரு வரிசை போடுவதற்கும், கை முழுக்கப் பூவும் மணியும் கல்லும் வைப்பதற்கும் எத்தனை நாள் வித்தியாசம்! ஆனால் கேட்கிறவருக்கு அந்த வேலையின் நேரம் தெரியாது. ‘180இல் இருந்து 400 வரை’ என்றாலும் அவருக்கு உதவாது. பட்ஜெட் குறைவானவர் 400ஐ மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இன்னொருவர் 180ஐ மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வந்து, பிறகு நீங்கள் 320 சொன்னதும் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்.

இதற்கு நான் செய்கிற வழி மூன்று படம். நீங்களே தைத்ததில் மூன்று ஜாக்கெட்டை எடுத்து, பகல் வெளிச்சத்தில், சுவரில் மாட்டிப் படம் எடுங்கள். பின் கழுத்தில் மட்டும் வேலை உள்ளது ஒன்று, கழுத்தோடு கை பார்டரும் உள்ளது ஒன்று, கை நிறைய வேலை உள்ளது ஒன்று. விலையைப் படத்தின் மேல் எழுத வேண்டாம். மணி, நூல் விலை ஏறினால் படத்தையே மாற்ற வேண்டிவரும், பழைய படம் யாராவது ஒருவர் போனில் கிடந்து பிறகு சண்டைக்கு வரும். விலையைக் கீழே எழுத்தில் கொடுங்கள்:

“இந்த மூன்றும் நான் தைத்தவை. முதல் படத்தில் பின் கழுத்துக்கு மட்டும் வேலை, 180 வெள்ளி. இரண்டாவதில் கழுத்தும் கை பார்டரும், 280. மூன்றாவது கை முழுக்க, 400. லைனிங்கும் தையல் கூலியும் இதற்குள்ளேயே வந்துவிடும். நீங்கள் நினைப்பது இதில் எதற்குக் கிட்டே இருக்கும்?”

நடுவிலுள்ள 280 நான் போட்ட கணக்கு, உங்கள் விலையை வைத்துக்கொள்ளுங்கள். ‘தையல் கூலியும் இதற்குள்ளேயே’ என்ற அந்த ஒரு வரியை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள். ஆரிக்கு 180, தைக்கத் தனியாக 70 என்று சேர்த்து வாங்குகிறவர்களும் இருப்பதால், சொல்லாவிட்டால் கேட்பவர் தனக்குச் சாதகமானதைத்தான் எடுத்துக்கொள்வார். ‘எதற்குக் கிட்டே இருக்கும்’ என்று கேட்டால் அவர் ‘ரெண்டாவது’ என்று ஒரு சொல் எழுதினால் போதும். பேச்சு அங்கிருந்து தானாக நடக்கும்.

இனி, எதை எழுதி வைப்பது, எதைக் கையால் எழுதுவது என்பது. மேலே கொடுத்த இரண்டு பதில்களிலும் பெயர் இல்லை, வணக்கம்கூட இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். எண்ணும் நிபந்தனையும் மாறக்கூடாதவை, அவற்றை எழுதி வைத்தால் அவசரத்தில் 70ஐ 60 என்று தட்டிவிடமாட்டீர்கள். ஆனால் முதல் வரி அந்த ஆளுக்கு மட்டும் உரியது, அதை அன்றன்றைக்குக் கையால் எழுத வேண்டும். எழுதி, தனிச் செய்தியாக அனுப்பிவிடுங்கள். அதன் பின்னால் எழுதி வைத்ததை அனுப்புங்கள். இரண்டு செய்தியாகப் போகட்டும், ஒன்றாகச் சேர்க்க வேண்டாம்.

இதை நான் ஒரு பூக்கடையின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பட்டுத்தான் கற்றேன். மாலை விலை கேட்பவர்களுக்கு, ‘உங்கள் சுப காரியத்துக்கு வாழ்த்துகள்!’ என்று தொடங்கும் பதில் ஒன்றை நான்தான் எழுதி வைத்தேன். ஒரு நாள் காலையில் ஒருவர், ‘அப்பாவுக்கு மாலை வேணும், மதியம் எடுக்குறாங்க, எவ்வளவு’ என்று எழுதியிருந்தார். ‘மாலை, எவ்வளவு’ என்ற இரண்டு சொல் மட்டும் என் கண்ணில் பட்டது. பதிலைத் தட்டிவிட்டேன். அவர் அதைப் பார்த்ததற்கு இரண்டு நீல டிக் விழுந்தது, அப்புறம் ஒன்றும் வரவில்லை. கடைக்காரரோடு சேர்ந்து அவருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன், அவர் ‘பரவாயில்லம்மா’ என்றார். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. முதல் வரியைக் கையால் எழுதும் பழக்கம் இருந்திருந்தால், அவர் எழுதியதை முழுக்கப் படித்திருப்பேன். படிக்காமல் அந்த வரியை எழுத முடியாது, அதற்காகத்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

முதல் வரி நீளமாக இருக்கத் தேவையில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்லை எடுத்துத் திருப்பிச் சொன்னால் போதும். ஒரு ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு உங்களுக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘அக்கா தங்கச்சி நிச்சயதார்த்தம், இந்த மாதிரி எவ்ளோ’. கூடவே எங்கிருந்தோ எடுத்த ஒரு படம், மயில் கழுத்து, கை நிறைய வேலை. நீங்கள் முதலில் கையால் எழுதுங்கள்: “தங்கச்சிக்கு நிச்சயதார்த்தமா, சந்தோஷம்மா. படத்தில் இருக்கிற மயில் கழுத்து அப்படியே செய்தால் 400 கிட்டே வரும்.” அவர் படமே அனுப்பிவிட்டதால், எண் இந்த வரியிலேயே வந்துவிட வேண்டும். அடுத்ததாக மூன்று படம் உள்ள பதிலை அனுப்புங்கள். இப்போது அவருக்கு 400ம் தெரியும், அதே சாயலில் 280க்கு என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். ‘மயில் வேணும், ஆனா கை சிம்பிளா’ என்று அவரே சொல்வார். நீங்கள் எழுதியது இரண்டே வாக்கியம், அரை நிமிஷம்கூட ஆகாது.

பெயரைத் தானாகச் சேர்க்கும் வசதி பேஸ்புக்கின் எழுதி வைத்த பதில்களில் இருக்கிறது. நான் அதைப் பயன்படுத்துவதில்லை. நம் ஊரில் கணவர் கணக்கிலிருந்து மனைவி எழுதுவார், பிள்ளை கணக்கிலிருந்து அம்மா எழுதுவார், சிலர் கணக்குக்குப் பூவின் பெயர் வைத்திருப்பார். தானாகச் சேரும் பெயர் பாதி நேரம் தவறாகத்தான் விழும். கோடு போட்டு இடம் விட்டு, ‘வணக்கம் ____’ என்று எழுதி வைப்பதும் வேண்டாம். கை ஓயாத நாளில் அந்தக் கோடு அப்படியே போய்ச் சேரும், அதைவிடப் பெயரே இல்லாமல் இருப்பது நல்லது.

எப்படிக் கூப்பிடுவது என்றும் பலர் தடுமாறுகிறார்கள். அவர் உங்களை அக்கா என்றால் உடனே ‘தங்கச்சி’ என்று இறங்கிவிடாதீர்கள். ஐம்பது வயதுக்காரரும் மரியாதைக்குக் கடைக்காரரை அக்கா என்பார். வயது தெரியும்வரை ‘வாங்க, சொல்லுங்க’ என்ற வினைச்சொல்லே மரியாதையைப் பார்த்துக்கொள்ளும். நிச்சயதார்த்தத் தங்கச்சி இருக்கிறாள் என்று சொன்னவருக்கு ‘மா’ போடலாம், சின்னப் பெண்தான் என்று ஊகிக்க இடமிருக்கிறது. மலாய்க்காரர் எழுதினால் ‘கக்’ என்று மலாயிலேயே பதில் சொல்லுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறவருக்கு நீங்களும் அப்படியே எழுதுங்கள், தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர் நம்மில் நிறைய உண்டு. ஆக ஒவ்வொரு பதிலையும் மூன்று விதமாக எழுதி வைக்க வேண்டிவரும். வாட்ஸ்அப் பிசினஸில் `Quick replies` என்ற இடத்தில் 50 வரை வைக்கலாம், இடத்துக்குக் குறைவில்லை. குறுக்குச் சொல்லை நீங்கள் நினைவில் வைக்கும்படி கொடுங்கள்: `/sada`, `/sadabm`, `/aari`. சாய்கோடும் முதல் இரண்டு எழுத்தும் தட்டினாலே மேலே வந்துவிடும். அனுப்புவதற்கு முன் திருத்தவும் முடியும்.

‘கொஞ்சம் குறைக்க முடியுமா’ என்ற கேள்விக்கும் ஒரு பதில் தயாராக இருக்கட்டும். அதில் விலையை அல்ல, வேலையைக் குறைத்துக் காட்டுங்கள்: “280இலேயே குறைத்தால் வேலை சரியாக வராது. கை பார்டரை ஒரு வரிசையாக வைத்துக்கொண்டால் 230க்குச் செய்து தரலாம், பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.” மறுத்ததாகவும் இருக்காது, அடுத்தவருக்கு ஒரு விலை இவருக்கு ஒரு விலை என்ற பேச்சும் வராது. சின்ன ஊரில் அது ஒரு வாரத்தில் சுற்றிவந்துவிடும்.

விலை சொன்ன பிறகு பேசாமல் போகிறவர்கள் விஷயம். அவர்கள் எல்லாரும் வேண்டாம் என்று போனவர்கள் இல்லை. உங்கள் செய்திகள் எந்தத் தேதியில் வருகின்றன என்று ஒரு மாதம் பாருங்கள். தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும் குடும்பத்தில், மாதக் கடைசியில் விலை கேட்டு வைத்துக்கொண்டு, சம்பளம் வந்த பிறகு முடிவு செய்வார்கள். வேலைச் சட்டப்படி போன மாதச் சம்பளம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். அதனால் 25ஆம் தேதி கேட்டுப் பேசாமல் போனவரை 27ஆம் தேதி தட்டிக் கேட்டால் அவருக்குச் சங்கடம்தான். ‘சம்பளத்துக்குப் பிறகு’ என்று ஒரு லேபிள் உருவாக்கி அவருக்குப் போட்டு வையுங்கள். 8, 9ஆம் தேதி வாக்கில் ஒரே ஒரு முறை எழுதுங்கள்: “நிச்சயதார்த்த ஜாக்கெட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 20ஆம் தேதிக்குள் வேண்டும் என்றால் இந்த வாரம் துணி வந்தால் முடித்துவிடலாம். இப்போது வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, ஒரு வார்த்தை சொல்லுங்கள்.” இதையும் கையால்தான் எழுத வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், மூன்றாவது செய்தி தொந்தரவு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாதா, லைனிங் விலையைப் பக்கத்தின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள், ‘விலைக்கு பிஎம்’ என்று போடாதீர்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இணைய வர்த்தகத்துக்கு 2012இல் முதன்முதலாக விதிமுறைகள் வந்தன. போக்குவரத்துச் செலவும் சேர்ந்த முழு விலையை வாங்குபவருக்குக் காட்ட வேண்டும் என்று அவை அப்போதே சொல்லின. தபாலில் அனுப்புகிறீர்கள் என்றால் தீபகற்பத்துக்கு எவ்வளவு, சபா சரவாக்குக்கு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். எல்பில், ஹீவுட் பக்கமிருந்து நேரில் வந்து எடுப்பவருக்கு அந்தச் செலவு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லலாம். மேலேயே விலை இருந்தால் உங்களுக்கு வரும் பத்துச் செய்தியில் சில குறையும், வருபவர் விலை தெரிந்தே வருவார்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பதிலையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வாசலில் நிற்பவரிடம் சொல்ல வாய் கூசுகிற சொல் எது வந்தாலும் எடுத்துவிடுங்கள்.

அந்த அம்மாவுக்கு இன்று ராத்திரியே நீங்கள் எழுத வேண்டும். தானாகப் போகிற செய்தி அது என்று மூன்று பத்தி விளக்கம் வேண்டாம். “அம்மா, போன வாரம் உங்களுக்கு வந்தது போனில் தானாகப் போகிற பதில். உங்களுக்கும் அது போகும்படி விட்டது என் தவறு, இப்போது மாற்றிவிட்டேன். உங்கள் அளவு என்னிடம் இருக்கிறது, துணி மட்டும் கொடுத்தனுப்புங்கள். விலை உங்களுக்குப் பழையபடி 70தான்.”